கையால மூடின தட்டு

இல்ல ஹாமதுரு, கதிரை வேணாம். நான் இந்தப் படியிலயே இருக்கிறன், கடல் காத்து நல்லா வருது. உங்களுக்குச் சரிசமனாக் கதிரையில இருக்கப்படாதெண்டு பக்கத்து வீட்டுச் சீலவதி எனக்கு எப்பவோ சொல்லித் தந்தவ. ஓம் ஓம், அந்தக் கூட்டுற மனிசனும் அங்கனேயே நிக்கட்டும். பிக்குமார் தனிய ஒரு பொம்பிளையோட கதைக்கப்படாதாமே, அதுவும் தெரியும். எங்கட மார்க்கத்திலயும் அப்பிடித்தான். அவர் நிக்கட்டும், ஆனாக் கொஞ்சம் கூட்டுறதை நிப்பாட்டினா நல்லம், இந்தப் பன்சலை வாசல் அரச மரத்துச் சருகெல்லாம் என்ட முக்காட்டுக்குத்தான் வருது.

இந்தாங்க. சீனி, தேயிலை, ஒரு துண்டு இஞ்சி. பின்னேரத்தில உங்களுக்குத் திங்கிற சாமான் கொண்டு வரப்படாது, குடிக்கிறதுக்குத்தான் குடுக்கலாம் எண்டும் அவதான் சொன்னவ. பக்கத்து வீட்டில இவ்வளவு காலம் ஒரு பௌத்தக் குடும்பம் இருந்தா அரைவாசிப் பன்சலைப் படிப்பு முடிஞ்ச மாதிரித்தான்.

ஓ, என்னை ஆரெண்டு தெரியல்லையா? நானும் வந்த கையோட கதைக்கத் தொடங்கிட்டன். என்ட பேர் உம்மு குல்சும். மார்க்கெட்டில கோழிக்கடை வச்சிருக்கிற அபூதாஹிர்ட பெண்சாதி. துறைமுகத்துக்குப் போற றோட்டில, வெள்ளைக்காரன் சாமான் அடுக்கின நீட்டுக் கட்டடத்தைத் குறுக்குச் சுவர் போட்டுப் பிரிச்சு வீடாக்கி வாடகைக்கு விட்டிருக்காங்களே, அதில கடைசி வீடு எங்கட. அதுக்கு முதல் வீடு சீலவதிட. பாத்தீங்களா, இப்ப ஞாபகம் வருது. என்ட முகத்தைப் பாத்து வராத ஞாபகம் சீலவதிட பேரைச் சொன்னா வருது. பரவாயில்ல, எனக்குக் கோவமில்ல.

உங்கட தமிழ் நல்ல தமிழ் ஹாமதுரு. எங்க படிச்சது? ஆஸ்பத்திரியிலயா? மலேரியாவில கிடக்கேக்க, பக்கத்துக் கட்டில்ல கட்டைபறிச்சான் ஊர் மனிசன் ஒருத்தனா? அதுதான் வயல்காரன் மாதிரிக் கதைக்கிறீங்க. நல்லம், நல்லம். எனக்குச் சிங்களம் விளங்கும், கதைக்கப் போனாத்தான் நாக்கு சுளுக்கும். சீலவதி சிங்களத்தில கேப்பா, நான் தமிழில சொல்லுவன், ஒரு நாளும் கதை நிண்டதில்ல.

சரி. நான் வந்தது ரெண்டு விஷயத்துக்கு. ஒண்டு கேள்வி, மற்றது பொறகு. கேள்வியைச் சுத்தி வளைக்காமக் கேக்கிறன், சுத்தி வளைக்கிறதுதான் என்ட பழக்கம் எண்டாலும். சீலவதிட புருசன் ஜினதாச போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மோசம் போனாரே, அவர்ட மூண்டு மாசத் தானத்துக்குச் சாப்பிட நீங்க வந்தீங்க. அண்டைக்குக் கோழிக்கறியை நீங்க எடுக்கல்ல. தட்டைக் கையால மூடிட்டீங்க. அது ஏன்? அந்தக் கோழியை எங்கட மனிசன் வெட்டினதாலயா?

பொறுங்க, பொறுங்க, உடன சொல்லாதீங்க! ரெண்டு வருஷமா எங்கட வீட்டில இந்தக் கேள்வி கிடந்து புழுங்குது. நடந்ததை முதல் நான் சொல்றன். நீங்க ஒழுங்கா முழுசையும் கேட்டுட்டுச் சொல்லுங்க. இல்லாட்டி ஹாமதுரு மழுப்பிட்டார் எண்டு எங்கட மனிசன் சொல்லுவார். அவரைத் தெரியாது உங்களுக்கு. வாயில வார்த்தை வராது, ஆனா ஒண்டையும் மறக்க மாட்டார்.

ஜினதாசயும் இவரும் எப்பிடி எண்டு கேளுங்க. ஜினதாச துறைமுகத்தில கோதுமை மா மூட்டை இறக்கிற வேலை. இவருக்கு விடியக் கடை, பத்து மணிக்கெல்லாம் முடிஞ்சிரும். பின்னேரம் ரெண்டு பேரும் பின் வளவில இருந்து தூண்டில் நூல் முறுக்குவாங்க. கதை ஒண்டும் கிடையாது. ஜினதாச நானா எண்டுவார், எங்கட ஆக்கள் அண்ணனைக் கூப்பிடுற மாதிரி, இவர் ம் எண்டுவார். அவ்வளவுதான் அவங்கட சினேகிதம். எங்கட ரெண்டு வீட்டுக்கும் நடுவில ஒரு சுவர், அது கூரை வரைக்கும் போகாது. மேல ஒரு முழத்துக்கு இடைவெளி. அதுக்குள்ளால நாங்க சட்டி குடுக்கிற, சட்டி வாங்கிற. நோன்புக் கஞ்சி அங்கால போகும், வெசாக்குக்குப் பலகாரம் இங்கால வரும். அவட வீட்டில என்ன கறி எண்டு நான் மணத்திலயே சொல்லுவன், என்ட வீட்டில என்ன சண்டை எண்டு அவ சத்தத்திலயே சொல்லுவா.

ஜினதாசக்குக் கோழி எண்டா உசிர். மிளகு போட்டு, தேங்காயும் அரிசியும் கருக வறுத்து அரைச்சு வைக்கிற கறி. செத்தவருக்கு விருப்பமான சாமானைத்தானே உங்கட ஆக்கள் தானத்துக்குச் சமைக்கிற. அதால மூண்டு மாசத்துக்குக் கோழிதான் எண்டு சீலவதி முடிவு. அந்த வருஷம் பாணுக்கும் மாவுக்கும் விடியவே கியூவில நிண்ட காலம், நினைவிருக்குத்தானே. நாங்க சொன்னம், கடையில இருந்து ஒண்டு ரெண்டு எடுப்பம், பிரச்சினையில்ல எண்டு. அதுக்குள்ள மாத்தறையில இருந்து அவட அண்ணன் வந்து இறங்கிட்டார்.

ஓம், அந்தப் பெரிய மீசைக்காரர்தான். உங்களுக்கு மீசை ஞாபகம் இருக்கு, என்ட முகம் ஞாபகமில்ல.

அந்த மனிசன் வந்தவுடன சட்டம். ஹாமதுருமாருக்குக் கடைக்கோழியா? வெக்கமில்லையா? வீட்டில ராசா மாதிரிச் சாவல் ஒண்டு நிக்குது, அதை விட்டுட்டு ஆரோ ஊருக்கு வெட்டினதில மிஞ்சினதையா வைக்கிற? சீலவதிட வீட்டில ஒரு செஞ்சாவல் நிண்டது ஹாமதுரு. அந்தச் சனியன் கூவுற கூவுக்கு எங்கட பள்ளியில பாங்கு சொல்ற மோதினாருக்கே வேலையில்ல. ஜினதாச அதைத் தோளில வச்சுக்கொண்டு திரிவார். அதைத்தான் அண்ணன்காரர் அறுக்கச் சொன்னார். அறுக்கிறதுக்கு அந்த வீட்டில ஆர் இருக்காங்க? ஆரும் கை வைக்க மாட்டாங்க. எங்கட வீட்டுக்குத்தானே வரும். அண்ணன்காரர் சாவலைக் காலில பிடிச்சுத் தலைகீழாக் கொண்டு வந்து எங்கட மனிசன்ட கையில குடுத்துட்டு, நல்லாச் செய்யுங்க நானா, இது ஹாமதுருமாருக்கு எண்டவர். இவர் பிஸ்மி சொல்லி வெட்டி, உரிச்சுக் குடுத்தார். தேங்காய் வறுத்து அம்மியில அரைச்சது நான். சமைச்சது சீலவதி. சட்டியில கறி கொதிக்கேக்க ரெண்டு பேரும் மூக்கை உறிஞ்சினம், அவ ஜினதாசயை நினைச்சு, நான் மிளகுக்கு.

இப்ப தானத்தண்டு. விறாந்தையில வெள்ளைத் துணி விரிச்சு, புத்தர்ட தாது வச்ச அந்தச் சின்னப் பேழையை ஒருத்தர் தலையில வச்சுக்கொண்டு முன்னால வர, நீங்க நாலு பேரும் பின்னால வந்தீங்க. வாசல்ல கால் கழுவி விட்டாங்க. நானும் இவரும் வேலிப் பக்கம் நிண்டம். வேற மார்க்கக்காரர், உள்ளுக்க போய் இடைஞ்சல் பண்ணப்படாதெண்டு. நீங்க ஓதி முடிச்சீங்க. பொறகு பரிமாறத் தொடங்கினாங்க. சோறு எடுத்தீங்க. பருப்பு எடுத்தீங்க. பிஞ்சுப் பலாக்காய், கத்தரிக்காய், எல்லாம் எடுத்தீங்க. மீனும் எடுத்தீங்க ஹாமதுரு! கொறுக்காய்ப்புளி போட்டுக் கறுப்பா வச்ச சூரை மீன், நான் வேலியால எட்டிப் பாத்துக்கொண்டு நிக்கிறன், ரெண்டு துண்டு எடுத்தீங்க. பொறகு கோழி வந்தது. அண்ணன்காரர்தான் சட்டியோட வந்தார். மீசைக்குள்ளால ஒரு சிரிப்பு. கொஞ்சம் குனிஞ்சு என்னவோ சொன்னார். நீங்க தட்டுக்கு மேல கையை வச்சீங்க. அவர் அடுத்த ஹாமதுருவிட்டப் போனார், அவரும் கை வச்சார். நாலு பேரும் அப்பிடியே. ஒரு சொல்லுக் கதைக்கல்ல. தயிரும் பாணியும் சாப்பிட்டு, பிரித் ஓதி, புண்ணியம் குடுத்து, போயிட்டீங்க.

அதுக்குப் பொறகு அந்த வீட்டில நடந்தது உங்களுக்குத் தெரியாது. சீலவதி குசினியில சட்டிக்கு முன்னால குந்திக்கொண்டு இருக்கிறா. அண்ணன்காரருக்குத் தான் குடுத்ததைத் திருப்பிட்டாங்களே எண்டு முகம் கறுத்துப் போச்சு. ஆரையாவது குத்தம் சொல்லோணுமே. சொன்னார். மீனை எடுத்தாங்க, கோழியை எடுக்கல்ல, ஏன் தெரியுமா? அவன் வெட்டினதாலதான் எண்டார். அவன் எண்டு சொல்லல்ல, எங்கட ஆக்களை இளக்காரமாச் சொல்ற அந்தச் சொல்லைச் சொன்னார், அதை நான் பன்சலையில வச்சுச் சொல்ல மாட்டன். இவர் வேலிக்கு இங்கால நிக்கிறார். இவருக்குச் சிங்களம் தண்ணி மாதிரி.

கேளுங்க. வீட்டுக்குள்ள போய்க் கத்தியைக் கழுவினார். விடியக் கழுவி வச்ச கத்தியைத்தான் திரும்பவும் கழுவினார். அந்தக் கறி அப்பிடியே துறைமுகத்து நாய்களுக்குப் போச்சு. நாய்கள் மட்டும் ஒண்டும் கேக்கல்ல, சட்டி காலி.

எனக்குச் சீலவதியோடதான் கோவம். அண்ணன்காரர் வெளியூர் மனிசன், வந்தார், போனார். அவ ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, அப்பிடியில்ல எண்டு? சொல்லல்ல. அவவுக்கும் தெரியாதுதானே. நான் பொறகு கிணத்தடியில வச்சுக் கேட்டனான், நீயும் அப்பிடியா நினைக்கிற எண்டு. அவ வாளியையே பாத்துக்கொண்டு, எனக்குத் தெரியாது அக்கே, நான்தான் என்னவோ பிழை விட்டுட்டன், அவருக்குப் புண்ணியம் போய்ச் சேரல்ல எண்டு அழுதா. அவட அழுகை அவவுக்கு. எங்கட மனிசன்ட மானம் எங்களுக்கு. அதுக்குப் பொறகு சுவருக்கு மேலால சட்டி போறது குறைஞ்சு போச்சு. அவ பலகாரம் தந்தா இவர் தொட மாட்டார், வயித்துக்குச் சரியில்ல எண்டுவார். இரும்பைத் திண்டு செமிக்கிற வயிறு அது. அவவும் இவரை நானா எண்டு கூப்பிடுறதை விட்டுட்டா. நாங்க பொம்பிளைகள் கதைப்பம், ஆனா விறகு, தண்ணி, மழை, அதுக்கு மேல போகாது.

இப்ப சொல்லுங்க. எங்கட கையாலயா?

இல்லையா?

இல்லையெண்டா முழுசா இல்லையா? பொறுங்க, ஆறுதலாச் சொல்லுங்க. ஆர் வெட்டினது எண்டது கணக்கே இல்ல. ஆருக்காக வெட்டினது எண்டதுதான் கணக்கு. ம். தனக்காக வெட்டினதைக் கண்ணால கண்டிருந்தாத் திங்கப்படாது. காதால கேட்டிருந்தாத் திங்கப்படாது. ரெண்டும் இல்லாட்டியும் தனக்காக இருக்குமோ எண்டு மனசில ஒரு சந்தேகம் வந்தாலும் திங்கப்படாது. இந்த மூண்டும் இல்லாட்டி, தட்டில போட்டதைப் பேசாம எடுக்கலாம். அது புத்தர் சொன்னதா? நீங்க இப்ப எனக்காகக் கட்டின கதை இல்லையே? சரி சரி, கோவிக்காதீங்க, நான் சந்தைக்காரன்ட பெண்சாதி, எதையும் ரெண்டு தரம் கேட்டுத்தான் பழக்கம்.

அப்ப அண்டைக்கு அந்த மீசைக்காரர் குனிஞ்சு என்ன சொன்னவர்? ஹாமதுருமாருக்கெண்டே நேத்து வெட்டுவிச்சது, கடைக்கோழி இல்ல எண்டா? யா அல்லாஹ்! வாயால கெடுத்தார் மனிசன்! பெருமைக்குச் சொன்ன சொல்லு! அவர் பேசாமச் சட்டியை நீட்டியிருந்தா? ஓ, உங்களுக்குத் தெரியாட்டி நீங்க எடுத்திருப்பீங்க. உங்களுக்குக் குத்தமில்ல. ஆனா குடுத்தவருக்குக் குத்தம் இருக்கும். அந்தச் சாவலைப் பிடிச்சுக் கொண்டு வா எண்டு சொன்ன உடனயே பாவம் தொடங்கிருதா? பொறகு அது கழுத்து இழுபட்டுப் பயந்து வாறதில ஒண்டு, வெட்டு எண்டதில ஒண்டு, அது துடிச்சதில ஒண்டு, ஆகாத சாமானைக் கொண்டு வந்து உங்களுக்கு நீட்டினதில இன்னொண்டு. நல்ல கெட்டிக்காரக் கணக்கு. அப்ப மீசைக்காரர் புண்ணியம் எண்டு நினைச்சு மூட்டை மூட்டையாப் பாவம்தான் கட்டிக்கொண்டு மாத்தறை போயிருக்கார்.

வெட்டின இவருக்கு? ம். உங்கட கணக்கில உசிரை எடுத்தா எடுத்ததுதான், எவர் எடுத்தாலும். எங்கட மார்க்கத்தில பேர் சொல்லி வெட்டினா ஹலால். சரி, அதில நானும் நீங்களும் ஒத்துப் போகத் தேவையில்ல ஹாமதுரு. நான் கேட்டது அதையில்ல. அவர்ட கை பட்டதால சாப்பாடு அசிங்கமா எண்டுதான் கேட்டனான். இல்லை எண்டு சொல்லிட்டீங்க. அது காணும்.

மீனை ஏன் எடுத்தீங்க எண்டதும் இப்ப விளங்குது. உப்புவெளி ஆக்கள் வலை போட்டது ஊருக்கு விக்க, உங்களை நினைச்சில்ல. சந்தையில கிடந்ததை வாங்கிச் சமைச்சது. அப்ப கோழியும் அப்பிடித்தான்? மார்க்கெட்டில வாற போற சனத்துக்கெண்டு வெட்டித் தொங்கவிட்டதை ஒருத்தர் வாங்கிச் சமைச்சுக் குடுத்தா? எடுக்கலாமா! ஹாமதுரு, இதைக் கேளுங்க. மீசைக்காரர் கடைக்கோழி கூடாதெண்டு நிண்டார். கடைக்கோழிதான் உங்களுக்கு ஆகும், ராசா மாதிரி வளத்த சாவல்தான் ஆகாது! எங்கட மனிசன்ட கடைச் சாமான் உங்கட சட்டத்துக்குச் சரியான சாமான்! இதை அவருக்குச் சொல்லோணும், ஒரு தரமாவது பல்லுத் தெரியச் சிரிப்பார்.

மாட்டிறைச்சி? அதுவும் உங்கட சட்டத்தில கூடாதெண்டில்லையா? ஓ, ஆனா இஞ்சத்தச் சனம் குடுக்காது. உழவு மாட்டைத் திங்கிறது நன்றி கெட்ட வேலை எண்டு நினைக்கிறாங்க. அது நியாயம்தான். அப்ப ஆகவே ஆகாத இறைச்சி எண்டு ஒண்டும் இல்லையா? பத்து இருக்கா? சொல்லுங்க. மனிசன். சரிதானே, அதுக்கு ஒரு சட்டம் வேணுமா? யானை. குதிரை. நாய். பாம்பு. சிங்கம், புலி, சிறுத்தை, கரடி. கழுதைப்புலியா? அது என்னெண்டே எனக்குத் தெரியாது. இதையெல்லாம் உங்களுக்கு ஆர் சமைச்சுத் தரப் போறாங்க! திருகோணமலையில யானைக் கறிக்கு எங்க போற? பண்டி அதில இல்லையா? விநோதம்தான். எங்களுக்கு அதுதான் முதலாவது.

நீங்க சிரிக்கவும் செய்வீங்க எண்டு சீலவதி சொல்லல்ல.

இன்னொண்டு. மரக்கறி மட்டும் திங்கிற ஹாமதுருமாரும் இருக்கிறாங்கதானே? இருக்கிறாங்க, அது அவங்கட விருப்பம். கட்டாயமில்ல. ஆ, அப்பிடிக் கட்டாயமாக்கச் சொல்லி ஒருத்தர் புத்தரிட்டயே போய்க் கேட்டவரா? மீன், இறைச்சி பிக்குமார் ஒருத்தரும் தொடப்படாதெண்டு சட்டம் போடுங்க எண்டு? புத்தர் மாட்டன் எண்டுட்டாரா? விரும்பினவன் விடட்டும், மற்றவன் தட்டில விழுறதைத் திங்கட்டும் எண்டு. கேட்டவர் ஆர்? தேவதத்தனா? சொந்தக்காரரா? மச்சான் முறையா! பாத்தீங்களா, எந்த வீட்டிலயும் மச்சான்மாராலதான் பிரச்சினை. சீலவதிட அண்ணன் ஜினதாசக்கு மச்சான்தானே.

ஆனா ஹாமதுரு, உங்களிலயும் எனக்கு ஒரு கோவம் இருக்கு, சொல்லிட்டுத்தான் போவன். அண்டைக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே? எனக்காக வெட்டினது, அதால எடுக்க ஏலாது, வெட்டினவருக்கு ஒண்டுமில்ல எண்டு? அந்தச் சின்னச் சொல்லு. தானம் குடுக்கிற வீட்டில வச்சுக் குடுக்கிறவரைக் குத்தம் சொல்ற மாதிரி இருக்கும் எண்டா? அவங்களுக்கே விளங்கும் எண்டு நினைச்சீங்களா? ஒருத்தருக்கும் விளங்கல்ல. உங்களுக்குப் பேசாம இருக்கிறது பெரிய குணம். உங்கட அந்தக் குணத்தில ரெண்டு வீட்டுக்காரர் ரெண்டு வருஷம் ஒழுங்கா முகம் பாக்கல்ல. அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்.

சரி, விடுங்க. உங்களை ஏசினா எனக்குப் பாவம் எண்டு அந்தக் கூட்டுற மனிசன் பாக்கிறார். நான் ஏசல்ல அண்ணே, கதைக்கிறன்.

பேசாம இருக்கிறது எண்டவுடனதான் ஞாபகம் வருது. ஹாமதுருமாரைத் தானத்துக்குக் கூப்பிட்டா, அவங்க ஓம் எண்டு சொல்லத் தேவையில்லையாம், பேசாம இருந்தாலே ஓம் எண்டுதானாம். சீலவதி சொன்னவ. புத்தரும் அப்பிடித்தானாம். எனக்கு அது நல்லாப் பிடிச்சது. எங்கட வீட்டில அவர் பேசாம இருந்தா அது ஓமா இல்லையா எண்டு கண்டுபிடிக்க எனக்கு அரைவாசிக் காலம் போச்சு.

அதுதான் மற்ற விஷயம். நான் பொறகு சொல்றன் எண்டேனே, அது.

வாற வெள்ளிக்கெழமை ஒரு தானம் குடுக்கோணும். சீலவதிட வீட்டில. இல்ல, அண்ணன்காரர் வரமாட்டார், பயப்படாதீங்க. வீட்டுப் பூட்டுத் திறப்பு என்னட்டத்தான் இருக்கு. அவ உடம்புக்கு வருத்தம் எண்டு மாத்தறைக்குப் போகேக்க, ஸ்டேசனுக்குக் கோச்சி பிடிக்கப் போற அவதியில என்ட கையில திணிச்சுட்டுப் போனவ. சுவருக்கு மேலால எட்டிப் பாருங்க அக்கே, கரையான் வரும் எண்டு. போகேக்க எங்கட மனிசனையும் தேடினவ, இவர் கடைக்குப் போயிட்டார். இவர் வந்தாச் சொல்றன் எண்டனான். அவ தலையை ஆட்டிட்டு ஏறினா.

அவ மோசம் போயிட்டா ஹாமதுரு. ஓம். மாத்தறையிலதான், பெரிய ஆஸ்பத்திரியில. துறைமுகத்தில வேலை செய்ற அந்த ஊர்ப் பொடியன் லீவு முடிஞ்சு வந்து சொன்னவன். அங்க எல்லாம் முறைப்படி செய்திருப்பாங்க, ஆக்கள் நிறைய. வாற வெள்ளியோட மூண்டு மாசம். அங்கயும் தானம் குடுப்பாங்கதான். ஆனா அவ வாழ்ந்தது இஞ்ச. ஜினதாசக்குக் குடுத்தது இஞ்ச. இஞ்ச அவவுக்கு ஒருத்தரும் குடுக்கல்ல எண்டு ஆகப்படாது.

இல்ல, அழல்ல. இந்தச் சருகுத் தூசு.

எங்களுக்கு உங்கட ஓதல் தெரியாது, நாங்க கும்பிடவும் மாட்டம். சாப்பாடு குடுக்கிறது எங்கட மார்க்கத்திலயும் நல்ல காரியம், அதை நாங்க செய்வம். மற்றதை நீங்க செய்யுங்க. புண்ணியம் குடுக்கேக்க தண்ணி ஊத்திறதுக்கு முன் வீட்டு ஞானசேகரத்தாரைக் கேட்டிருக்கிறன், அவர் ஓம் எண்டுட்டார். பன்னெண்டுக்கு முதல் உங்களுக்குச் சாப்பிட்டு முடியோணும், பன்னெண்டுக்கு எங்கட மனிசன் ஜும்மாவுக்கு வெளிக்கிடோணும். ரெண்டு பேருக்கும் ஒரே மணிக்கூடு, அது ஒரு வசதி.

கறி என்னெண்டு கேக்க மாட்டீங்க, எனக்குத் தெரியும். நானே சொல்றன், பொறகு சந்தேகம் வந்தா அதுக்கும் ஒரு சட்டம் வச்சிருக்கிறீங்களே. கோழிதான். மிளகு போட்டு, கருக வறுத்து. அண்டைக்கு அவர் கடைக்கு வழமையா வெட்டுற அளவுதான் வெட்டுவார். உங்களுக்கெண்டு ஒண்டும் கூட்ட மாட்டார், நான் பக்கத்தில நிண்டு பாப்பன். சந்தைச் சனத்துக்கு வெட்டினதில வெள்ளிக்கெழமை எங்கட வீட்டுக்கெண்டு ஒரு பங்கு எடுக்கிறவர், அதைத்தான் சமைப்பன். எங்களுக்கு அண்டைக்குப் பருப்பு காணும்.

அவரா? கேற்றடியில நிக்கிறார், சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு. உள்ளுக்க வாங்க எண்டனான், ஏலாது எண்டுட்டார். இந்தத் தானம் என்ட யோசனை இல்ல ஹாமதுரு, அவர்ட. பொடியன் வந்து சொன்ன அண்டு ராவு அவர் சோத்தைத் தள்ளி வச்சுட்டு, சீலவதிப் பிள்ளை கடைசியா என்னை நானா எண்டு கூப்பிட்டது எப்பவெண்டு யோசிக்கிறன், ஞாபகம் வருகுதில்ல எண்டார். அவ்வளவுதான் கதைச்சார். அடுத்த நாள் விடிய, நீ போய் ஹாமதுருவிட்டக் கேட்டுட்டு வா எண்டார். கேள்வியை முதல் கேள், தானத்தைப் பொறகு கேள் எண்டார். கேள்விக்குப் பதில் பிழையெண்டாத் தானத்தைக் கேக்காம வந்துரு எண்டவர்.

பதில் சரியாத்தானே வந்தது. அதால கேக்கிறன். வெள்ளிக்கெழமை வாங்க. நாலு பேரும் வாங்க. சோறும் மற்றதும் ஞானசேகரத்தார் வீட்டுப் பிள்ளைகள் பரிமாறட்டும். கோழிக்கறியை மட்டும் அவர்தான் உங்கட தட்டில போடுவார். அவர்ட கையால. குனிஞ்சு ஒண்டும் சொல்ல மாட்டார், அவருக்குச் சொல்லத் தெரியாது. நீங்களும் அண்டைக்கு மாதிரித் தட்டைக் கையால மூடிப்போடாதீங்க.

என்ன ஹாமதுரு?

பேசாம இருக்கிறீங்க.

சரி. நான் போய் அவரிட்டச் சொல்றன்.